துயரம் கேட்பவரின் சோர்வு: மேற்பார்வை அமர்வில் நேரும் தவறுகள்

போக்சோ வழக்குகளில் குழந்தைகளுக்குத் துணைநிற்கும் ஆலோசகர் ஒருவர், தன் மகளின் பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதமானாலே ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்குகிறார். அலுவலகத்தில் அவருடைய அறிக்கைகள் தாமதமாகின்றன; ஒரு குறிப்பிட்ட சிறுமியின் வீட்டிற்குச் செல்ல வேண்டிய நாள் மூன்று முறை தள்ளிப்போகிறது. மேற்பார்வையாளர் அறிக்கைத் தாமதத்தைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு, ஒரு வாரம் விடுப்பில் போகச் சொல்கிறார். விடுப்பு முடிந்து திரும்பிய இரண்டாம் நாளே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. இவர் ஒரு தனிநபர் அல்லர்; இத்துறையில் திரும்பத் திரும்பக் காணப்படுவதைச் சேர்த்து நான் வரைந்துகொண்ட உருவம்.

இங்கே முதல் தவறு விடுப்பு கொடுத்ததல்ல, இரண்டு வேறு நிலைகளை ஒன்றாக எண்ணியதுதான். பணிச்சோர்வு என்பதை உளவியலாளர் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் எழுதிக் கவனத்திற்குக் கொண்டுவந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு அதை நோயாகக் கருதாமல், சீராகக் கையாளப்படாத பணி அழுத்தத்தின் விளைவாகவே விவரிக்கிறது. பிறர் அனுபவித்த கொடுமையைத் தொடர்ந்து கேட்பதால், கேட்பவருக்குள்ளேயே பாதுகாப்பு, நம்பிக்கை பற்றிய எண்ணங்கள் மாறிவிடுவது வேறொன்று; அதை மெக்கான், பேர்ல்மன் ஆகிய இருவர் 1990-இல் விளக்கினார்கள். பணிச்சோர்வு அடைந்தவருக்கு எந்தக் கோப்பைத் திறந்தாலும் களைப்பு வரும். இரண்டாவது நிலையில் இருப்பவருக்கோ பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வழக்கு, ஒரு குரல், ஓர் இடம் மட்டுமே தொண்டையை அடைக்கும். ஆகவே “எப்படி இருக்கிறீர்கள்?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “எந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டதும் உங்கள் உடல் இறுகுகிறது?” என்று கேட்பது பயன் தரும். புரோக்வோல் என்னும் 30 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிடுகிறது. ஆனால் அந்த மதிப்பெண்ணை நோய் கண்டறியவோ, பணித்திறனை எடைபோடவோ பயன்படுத்தக் கூடாது.

நம் நிறுவனங்களில் மிகுதியாக நடக்கும் தவறு, வழக்குக் கலந்தாய்வே மேற்பார்வை என்று நினைப்பது. குழந்தை இப்போது யாருடன் வசிக்கிறது, தாய் யார் பக்கம் நிற்கிறார், நடுவர் முன் வாக்குமூலம் எப்போது, குழந்தைகள் நலக் குழுவுக்கு என்ன எழுத வேண்டும் ஆகியவை கலந்தாய்வின் கேள்விகள். அவற்றில் பேசப்படுபவர் குழந்தை. மேற்பார்வையில் பேசப்பட வேண்டியவர், அக்குழந்தையின் எதிரில் உட்கார்ந்திருந்தவர். பிரிட்டனைச் சேர்ந்த பிரிஜிட் பிராக்டர் மேற்பார்வைக்கு நெறி காப்பது, திறன் வளர்ப்பது, பணியாளரை மீட்டெடுப்பது என்று மூன்று வேலைகளைச் சொன்னார். கோப்பை முதலில் திறந்துவிட்டால் மூன்றாவதற்கு ஒருபோதும் நேரம் மிஞ்சாது என்பதே என் அனுபவம். அதனால் 60 நிமிட அமர்வில் முதல் 20 நிமிடங்களைக் கோப்பு மூடியிருக்கும் நிலையில் பணியாளருக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

அந்த 20 நிமிடங்களில் அவர் உண்மையைப் பேசுவாரா என்பது, எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. அவருடைய ஊதிய உயர்வுக்குக் கையெழுத்திடுபவரே மேற்பார்வையாளராக இருந்தால் “நன்றாக இருக்கிறேன் மேடம்” என்பதே பதிலாக வரும். சிறிய நிறுவனங்களில் இருவரையும் பிரிப்பது கடினம். அங்கே முதல் அமர்விலேயே ஓர் எல்லையைச் சொல்லிவிடலாம்: வழக்கு தொடர்பான முடிவுகள் மட்டும் குறிப்பேட்டில் எழுதப்படும், மன நிலை பற்றிய பேச்சு பணிக்கோப்புக்குப் போகாது. குழந்தைக்கு ஆபத்து, கடுமையான தொழில்நெறி மீறல் ஆகியவை இதற்கு விலக்கு என்பதையும், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு விதிக்கும் புகார் அளிக்கும் கடமை எந்த இரகசியக் காப்பாலும் நீங்காது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தவறு, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. குழுக் கலந்தாய்வில் ஒருவர் நடந்த கொடுமையை விவரம் விடாமல் சொல்லி முடிக்கிறார். சொன்னவருக்குப் பாரம் குறைந்ததோ இல்லையோ, கேட்ட ஐந்து பேர் அக்காட்சியை வீட்டிற்குச் சுமந்து செல்கிறார்கள். கலந்தாய்வுக்குக் குழந்தையின் வயது, குற்றம் சாட்டப்பட்டவருடனான உறவு, தற்போதைய பாதுகாப்பு, வழக்கு நிற்கும் கட்டம் ஆகியவை பெரும்பாலும் போதும். உடலில் நிகழ்ந்தது வேண்டியதில்லை. கடினமான ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமானால், முன்னறிவித்து, கேட்பவரின் சம்மதம் பெற்று, தேவையான அளவே சொல்ல வேண்டும். இதை வாய்ப்பூட்டாக மாற்றிவிடுவதும் தவறுதான், ஏனெனில் மனத்தில் சிக்கிக்கொண்ட ஒரு காட்சியைத் தனி அமர்வில் சொல்லும் இடம் பணியாளருக்கு இருந்தாக வேண்டும். நம் ஆலோசகரிடம் அப்படிக் கேட்டபோது, அவரை வாட்டியது சம்பவத்தின் விவரமே அல்ல என்று தெரிகிறது. அச்சிறுமியின் புத்தகப்பையும் தன் மகளின் பையும் ஒரே நிறம், ஒரே பொம்மைப் படம். குற்றம் சாட்டப்பட்டவர் வேன் ஓட்டுநர். வீட்டுச் சந்திப்பு ஏன் தள்ளிப்போனது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் சந்திப்பைத் தள்ளிப்போட்ட அதே மாதத்தில், மேற்பார்வையாளரும் அவருடனான அமர்வை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார். உதவி பெறுபவரிடம் நடப்பது மேற்பார்வை உறவிலும் எதிரொலிக்கும் என்பதை மனநல மருத்துவர் ஹரோல்ட் சியர்ல்ஸ் 1955-லேயே எழுதினார். தன் தவிர்ப்பைக் காணாத மேற்பார்வையாளர் பணியாளரின் தவிர்ப்பைச் சோம்பல் என்றே வாசிப்பார்.

பேச்சு ஆலோசகரின் சொந்த இளமைக்காலத்தைத் தொட்டுவிட்டால், மேற்பார்வையாளர் சிகிச்சையாளராக மாறிவிடக் கூடாது. “இது இந்த வழக்கில் உங்கள் வேலையை எப்படிப் பாதிக்கிறது?” என்பதோடு நின்று, மற்றதற்கு வெளியிலுள்ள ஒரு சிகிச்சையாளரிடம் அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, காட்சிகள் பகலிலும் புகுந்து தொல்லை தருவது, மது பழக்கமாவது ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் அன்றே செயல்பட வேண்டும்.

பேசி முடித்ததும் எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிடுவது, மேற்பார்வையின் பயனையே கெடுத்துவிடும். நம் ஆலோசகரிடம் இருந்த 11 வழக்குகளை எண்ணிப் பார்த்தபோது 8 வழக்குகள் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை. அமர்வின் முடிவில் மூன்று ஏற்பாடுகள் எழுதப்பட்டன: அடுத்து வரும் அதே வகை வழக்குகள் இரண்டு வேறொருவருக்குப் போகும்; வீட்டுச் சந்திப்புக்கு ஒரு சக பணியாளர் உடன் செல்வார்; ஒரே நாளில் இரண்டு குழந்தைகளின் விரிவான விவரிப்பைக் கேட்கும்படி நேரம் ஒதுக்கப்படாது. இரண்டு வாரம் கழித்துச் சந்திப்பு நடந்ததா, வேன் ஓட்டுநருக்குப் போகும் அழைப்புகள் குறைந்தனவா என்று பார்க்கப்பட்டது. நடந்திருந்தது, குறைந்திருந்தன.

ஆனால் அறிக்கைகள் அப்போதும் தாமதமாகவே வந்தன. காரணத்தைத் தேடியபோது, நிரப்பப்படாத இரண்டு பணியிடங்களின் வேலையும் ஏழு மாதங்களாக அவர் தலையில் இருந்தது தெரிந்தது. இது பணிச்சோர்வு, இதற்கு எத்தனை அமர்வு வைத்தாலும் ஆள் கிடைக்கப்போவதில்லை. மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பாமல், வழக்கு எண்ணிக்கையையும் காலியிடங்களையும் தாளில் எழுதி, தேதியிட்டு, நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டியது மேற்பார்வையாளரின் வேலை. அத்தாளில் ஆலோசகரின் பெயரோ அவர் அமர்வில் சொன்னவையோ இடம்பெறத் தேவையில்லை.