ரிசல்ட் நாளில் 429 வந்தால்: முதலில் F5-ஐ விடுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு சிஸ்டம், ஒரே ரவுட்டர். காலை பத்து மணிக்கு ரிசல்ட். எட்டுப் பேரும் F5-ஐத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சற்று நேரத்தில் ஒரு திரையில் `429 Too Many Requests` என்று வருகிறது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாத் திரைகளிலும். சர்வர் படுத்துவிட்டது என்று பலரும் நினைப்பார்கள். படுத்திருந்தால் பெரும்பாலும் 502, 503 போன்ற எண்கள்தான் வரும். 429 என்றால் சர்வர் விழித்துத்தான் இருக்கிறது. "உங்கள் பக்கத்திலிருந்து அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள்" என்று சொல்கிறது.

அந்த "உங்கள் பக்கம்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உள்ளே எட்டு சிஸ்டம் இருந்தாலும், ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி முகவரி. லாகின் இல்லாத பக்கங்களில் தளங்கள் பெரும்பாலும் அந்த முகவரியை வைத்தே எண்ணுகின்றன. எட்டுப் பேர் தட்டுவது சர்வருக்கு ஒரே ஆள் தட்டுவதாகத் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடந்த 60 நொடியில் ஒரு முகவரியிலிருந்து 60 கோரிக்கை வரை தளம் அனுமதிக்கிறது என்க. ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்தால் பக்கத்துக்கு ஒன்று, கேப்ட்சா படத்துக்கு ஒன்று என 2 கோரிக்கை போகும். எட்டு சிஸ்டமும் சேர்ந்து 10 நொடிக்கு ஒருமுறை தட்டினால் ஒவ்வொரு முறையும் 16. மூன்று முறைக்கு 48. நான்காவது தட்டில் 64 ஆகிவிடும். கடைசி நான்குக்கு 429. ஐந்து சிஸ்டம் மட்டும் இதே வேகத்தில் தட்டியிருந்தால் நிமிடத்துக்குச் சரியாக 60, பிழையே வந்திருக்காது.

இந்த இடத்தில் எல்லோரும் கையை எடுத்துவிட்டால், அடுத்த 30 நொடியில் முதல் சுற்றின் 16 கோரிக்கையும் ஒரு நிமிடக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். 90-வது நொடியில் கணக்கு பூஜ்ஜியம். காத்திருந்தால் சரியாவது இதனால்தான். ஆனால் தொடர்ந்து தட்டினால்? மறுத்த கோரிக்கைகளையும் சேர்த்து எண்ணும் தளங்கள் உண்டு. அங்கே எந்த ஒரு நிமிடத்தை எடுத்தாலும் 96 இருக்கும். பக்கம் திறக்கவே திறக்காது.

இனி செய்ய வேண்டியது.

1. எல்லா சிஸ்டத்திலும் ரெஃப்ரெஷை நிறுத்துங்கள். அந்தத் தளம் திறந்திருக்கும் மற்ற டேப்களையும், தானாக ரெஃப்ரெஷ் செய்யும் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதையும் மூடுங்கள்.

2. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சர்வரே சில சமயம் சொல்லும். ஒரே ஒரு சிஸ்டத்தில் F12 அழுத்தி, `Network` டேபைத் திறந்து, ஒரே ஒரு முறை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். 429 என்று காட்டும் வரியைக் கிளிக் செய்தால் `Headers` பகுதியில் இப்படி இருக்கலாம்:

```
HTTP/1.1 429 Too Many Requests
Retry-After: 120
```

120 என்பது நொடிகள், அதாவது இரண்டு நிமிடம். எண்ணுக்குப் பதில் தேதியும் நேரமும் இருந்தால் அது ஜிஎம்டி. நம் நேரம் தெரிய அதோடு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. `Retry-After` இல்லையென்றால் ஒரு நிமிடம் விட்டு ஒருவர் மட்டும் முயலுங்கள். திறக்காவிட்டால் அடுத்து இரண்டு நிமிடம், பிறகு நான்கு என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். திறந்ததும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் பழைய கதைதான். ஒருவர் பார்த்து முடித்த பின் அடுத்தவர்.

4. அவசரம் என்றால் போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒருமுறை பாருங்கள். திறந்தால் சிக்கல் சென்டரின் முகவரியில்தான். லாகின் செய்த பக்கம் அங்கேயும் 429 காட்டினால், தளம் பெரும்பாலும் உங்கள் கணக்கை வைத்து எண்ணுகிறது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. லாகின் இல்லாத பக்கத்திலும் அப்படி வரலாம். மொபைல் நிறுவனங்களும் பலருக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுப்பது வழக்கம்.

இன்காக்னிட்டோவில் திறந்தாலும் ஐபி முகவரி மாறாது. கேஷ் அழிப்பது இன்னும் மோசம்: சேமித்து வைத்திருந்த படங்களையும் மற்ற கோப்புகளையும் பிரவுசர் மறுபடி கேட்கும், கோரிக்கை எண்ணிக்கை ஏறும். Ctrl+Shift+R-ம் அதே வேலையைத்தான் செய்யும். இலவச விபிஎன்னில் முகவரி மாறும்தான். ஆனால் அங்கே உங்களோடு வரிசையில் நிற்பது எட்டுப் பேர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். விண்ணப்பத்தையோ பணத்தையோ அனுப்பிய நொடியில் 429 வந்தால் அந்தப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள். மறுத்த கோரிக்கை பொதுவாகப் பதிவாகாது. ஆனால் அனுப்பியது பதிவாகி, அதற்கு அடுத்த பக்கம் மட்டும் மறுக்கப்பட்டிருக்கலாம். வங்கி எஸ்எம்எஸ்ஸும் விண்ணப்ப எண்ணும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காத்திருந்து, புதிதாக லாகின் செய்து நிலவரத்தைச் சரிபாருங்கள்.