நீண்ட தீர்ப்பைத் துண்டு போட்டுச் சுருக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும் தீர்ப்புகளை மொழி மாதிரிகளைக் கொண்டு சுருக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், ஏறக்குறைய எல்லோருமே, ஒரே திட்டத்தோடுதான் வந்து நிற்கிறார்கள். கோப்பைச் சம நீளத் துண்டுகளாக வெட்டுவது, ஒவ்வொரு துண்டையும் சுருக்குவது, வந்த சுருக்கங்களை ஒட்டி மறுபடியும் சுருக்குவது. ஆயத்த நிரல்களில் `map_reduce` என்ற பெயரில் இது கிடைக்கிறது. ஆரம்பத்தில் நாங்களும் இப்படித்தான் தொடங்கினோம். வெளியே வரும் சுருக்கம் சரளமாக இருக்கும். அந்தச் சரளம்தான் பிழையை மறைக்கிறது.

ஸ்கேன் கோளாறு, பக்க எண்கள் வாக்கியத்துக்கு நடுவே புகுந்துவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை கண்ணில் பட்டுவிடும், சரிசெய்துவிடலாம். கண்ணில் படாதவைதான் ஆளைக் கவிழ்க்கின்றன. அவற்றைக் காட்ட எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆவணம் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு. 1973 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றம் அளித்தது. 13 நீதிபதிகள், தனித்தனியாக எழுதப்பட்ட 11 தீர்ப்புரைகள், சுமார் 700 பக்கங்கள். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று 7க்கு 6 என்ற பெரும்பான்மையில் முடிவான வழக்கு.

பக்கக் கணக்கில் வெட்டுவது

பத்துப் பக்கத்துக்கு ஒரு வெட்டு என்று போட்டால், ஒரு நீதிபதியின் உரை முடியும் இடமும் அடுத்தவர் தொடங்கும் இடமும் ஒரே துண்டில் விழும். அந்தத் துண்டின் சுருக்கத்தில் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். முதல் வெட்டு உரைக்கு உரை, அடுத்தது உட்தலைப்புக்கு உட்தலைப்பு, அதுவும் பெரிதாக இருந்தால் பத்தி எல்லையில். நீளம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஒரு துண்டு இரண்டு பக்கமும் இன்னொன்று பன்னிரண்டு பக்கமுமாக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வெட்டுவது

தவறல்ல, ஆனால் கீழே சொல்லப்போகும் நோய்க்கு இது மருந்தாகாது.

யார் சொன்னது என்பதைத் தொலைப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது.

நம் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஒரே முறையில் நடக்கும். முதலில் வழக்கின் விவரம், பிறகு இரு தரப்பு வாதங்கள், பிறகு பழைய தீர்ப்புகளிலிருந்து நீண்ட மேற்கோள்கள், அதன் பிறகே நீதிபதியின் சொந்த ஆய்வும் முடிவும். கேசவானந்த பாரதி வழக்கில் மனுதாரருக்காக நானி பல்கிவாலாவும் கேரள அரசுக்காக எச்.எம். சீர்வையும் வாதாடினார்கள். விசாரணை 68 நாள் நடந்தது. வாதங்களை எடுத்துச் சொல்லவே நீதிபதிகளுக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டன. இத்தகைய பகுதிகளில் ‘மனுதாரரின் வழக்கறிஞர் வாதிட்டதாவது’ என்ற சொற்றொடர் தொடக்கத்தில் ஒரு முறை வரும். அடுத்த பல பத்திகளில் வராது. மனிதர் தொடர்ந்து படித்துக்கொண்டு வருவதால் அவருக்கு அது நினைவில் நிற்கிறது. துண்டுக்கு நினைவு கிடையாது. வாதத்தின் நடுவில் தொடங்கும் துண்டை மட்டும் பார்க்கும் மாதிரி, ‘நீதிமன்றம் கருதுகிறது’ என்று நிம்மதியாக எழுதிவிடும்.

மேற்கோளிலும் இதே கதைதான். அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1967இல் கோலக்நாத் வழக்கில் சொல்லப்பட்டது. கேசவானந்த பாரதி தீர்ப்பு அதைத் தள்ளிவிட்டது. தள்ளுவதற்கு முன் அதை எடுத்துரைக்க வேண்டுமே! எடுத்துரைப்பது ஒரு துண்டிலும் தள்ளுவது இன்னொரு துண்டிலும் விழுந்தால், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ‘முடிவுகள்’ இணைப்புக் கட்டத்துக்குப் போய்ச் சேரும். இணைக்கும் மாதிரி முரணைச் சுட்டிக்காட்டுவதில்லை. ‘ஒருபுறம்... மறுபுறம்...’ என்று பூசி மெழுகிவிடுகிறது.

அண்மையில் ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்த சுருக்கம் இதற்கெல்லாம் மேலே போனது. அவர் உரைக்கு உரை வெட்டியிருந்தார், அதுவரை சரி. ஒவ்வோர் உரைக்கும் ஒரு சுருக்கம் எடுத்து, ‘பெரும்பான்மைக் கருத்து என்ன?’ என்று கேட்டு இணைத்திருந்தார். திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பில்லை என்பதே பெரும்பான்மை என்று விடை வந்திருந்தது. அதாவது, தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வரம்பு உண்டு என்றவர்கள்: தலைமை நீதிபதி சிக்ரி தனியாக ஓர் உரை, ஷெலத்தும் குரோவரும் சேர்ந்து ஓர் உரை, ஹெக்டேயும் முகர்ஜியாவும் சேர்ந்து ஓர் உரை, ஜெகன்மோகன் ரெட்டி ஓர் உரை, கன்னா ஓர் உரை. ஏழு நீதிபதிகள், ஐந்து உரைகள். அத்தகைய வரம்பு இல்லை என்ற ரே, பலேகர், மாத்யூ, பெக், துவிவேதி, சந்திரசூட் ஆகிய அறுவரும் ஆளுக்கோர் உரை எழுதினார்கள். ஆறு நீதிபதிகள், ஆறு உரைகள். ஆட்களை எண்ணினால் 7க்கு 6. சுருக்கங்களை எண்ணினால் 5க்கு 6. இணைப்புக் கட்டத்தின் கையில் இருந்தவை சுருக்கங்கள் மட்டுமே. ஒரு சுருக்கத்துக்குப் பின்னால் எத்தனை நீதிபதிகள் என்ற தகவல் முதல் கட்டத்திலேயே உதிர்ந்துவிட்டது. இணைக்கும் கட்டளையை எவ்வளவு மெருகேற்றினாலும் உதிர்ந்த தகவல் திரும்பி வராது. இளைஞரோ அந்தக் கட்டளையைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

இதோடு நீதிபதி கன்னாவின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுவரில் ஒருவர், ஆனால் மற்ற அறுவரின் காரணத்தை அவர் ஏற்கவில்லை. திருத்த அதிகாரத்துக்கு மறைமுக வரம்புகள் உண்டு என்ற கோட்பாட்டை மறுத்து, ‘திருத்தம்’ என்றாலே பழைய அரசமைப்பு உருக்குலையாமல் நிற்க வேண்டும் என்ற வழியில் முடிவுக்கு வந்தார். சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்றும் சொன்னார். ஆக, கேள்விக்குக் கேள்வி பெரும்பான்மையின் சேர்க்கை மாறுகிறது. ‘கன்னா வரம்பு உண்டு என்கிறார்’ என்று ஒரே வரியில் அடைத்தால் பாதி போய்விடும். மனிதர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். அடிப்படை உரிமைகள் எதுவுமே அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்று தாம் சொன்னதாகச் சிலர் பொருள்கொண்டதால், 1975இல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் அவர் தம் கருத்தை விளக்க வேண்டியிருந்தது. 1973 தீர்ப்போடு நீதிபதிகளே ஒரு தொகுப்பு முடிவை எழுதி இணைத்தார்கள். அதில் கையெழுத்திட்டவர்கள் ஒன்பது பேர், நால்வர் இடவில்லை.

சரிசெய்யும் வழி இதுதான். முதல் கட்டத்தில் உரைநடைச் சுருக்கமே கேட்காதீர்கள். கூற்றுக்கு ஒரு சீட்டு கேளுங்கள்.

```
கேள்வி: திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பு உண்டா?
யார்: கன்னா (1 நீதிபதி)
தகுதி: சொந்த முடிவு
கூற்று: உண்டு; அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது
நிபந்தனை: சொத்துரிமை அதில் சேராது
பத்தி: (மூலத்தின் எண்)
```

‘தகுதி’ என்ற இடத்தில் வரக்கூடியவற்றை முன்கூட்டியே வரையறுத்துவிடுங்கள்: சொந்த முடிவு, தரப்பு வாதம், மேற்கோள், நிராகரித்த கருத்து, தெரியவில்லை. கடைசியாக உள்ளதை மறக்காதீர்கள். அதற்கு இடம் தராவிட்டால் மாதிரி ஊகித்து எதையாவது நிரப்பும். இரண்டாவதாக, ஒவ்வொரு துண்டின் தலையிலும் ‘இது இன்னாருடைய உரை, தொடங்கும்போது ஓடிக்கொண்டிருப்பது இன்ன தரப்பின் வாதம்’ என்ற ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியைப் பெற, சுருக்கத் தொடங்கும் முன் ஆவணம் முழுவதையும் ஒரு முறை ஓட்டி, பேசுபவர் மாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். செலவு கூடும். ஆனால் அதன் பிறகு துண்டுகளை ஒரே நேரத்தில் இணையாகச் சுருக்கலாம். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

இணைக்கும்போது துண்டு வரிசையை விட்டுவிட்டு, சீட்டுகளைக் கேள்வி வாரியாக அடுக்குங்கள். நீதிபதிகளின் எண்ணிக்கையைச் சாதாரண நிரல் கூட்டட்டும். கூட்டல் வேலையை மொழி மாதிரியிடம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அது எழுத வேண்டியது, கூட்டி முடித்த விடையைச் சுற்றியுள்ள நான்கு வாக்கியங்களைத்தான்.

எல்லாவற்றையும் ஒரே தாவலில் பிழிவது

எழுநூறு பக்கத்தைப் பத்துப் பத்தாக வெட்டினால் எழுபது துண்டுகள். துண்டுக்கு 200 சொல் என்றால் 14,000 சொற்கள். அதிலிருந்து ஒரே தாவலில் 700 சொல்லுக்கு வந்தால், இருபது சொல்லுக்கு ஒன்றுதான் தங்கும். முதலில் உதிர்பவை ‘ஆனால்’, ‘இவ்வளவு மட்டும்’, ‘இந்த வழக்கைப் பொறுத்தவரை’ போன்றவை. சட்டத்தில் அவைதான் உயிர். இடையில் ஒரு கட்டம் வையுங்கள்: முதலில் ஒவ்வொரு நீதிபதியின் நிலை, பிறகு ஒவ்வொரு கேள்வியின் விடை, அதன் பிறகே முழுச் சுருக்கம். நிபந்தனைக்குரிய இடத்தை எந்தக் கட்டத்திலும் சுருக்க அனுமதிக்காதீர்கள்.

தமிழ் ஆவணத்துக்கு ஆங்கிலக் கணக்கைப் போடுவது

மாதிரி உரையை அளப்பது டோக்கன் என்ற சிறு துணுக்குகளில். தமிழ்ச் சொல் ஒன்றுக்குப் பல டோக்கன்கள் போகும். எண்ணிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

புகழ்பெற்ற ஆவணத்தில் சோதித்துவிட்டுத் திருப்திப்படுவது

இத்தனை நேரம் நான் எடுத்துக்காட்டிய அதே தீர்ப்பை வைத்து உங்கள் கருவியைச் சோதிக்காதீர்கள். கேசவானந்த பாரதி வழக்கைப் பற்றிப் பல்லாயிரம் கட்டுரைகள் உண்டு. மாதிரி அவற்றில் பலவற்றை ஏற்கெனவே படித்திருக்கும். உங்கள் துண்டுகள் குப்பையாக இருந்தாலும் ‘7க்கு 6’ என்று சரியாக எழுதிவிடக்கூடும். அந்த இளைஞரின் பிழை வெளியே தெரிந்ததே அவர் நீதிபதிகளின் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு ஓட்டியதால்தான். தெரியாமல் செய்தது என்றாலும், நல்ல சோதனை!

யாரும் எழுதாத, பேசாத ஒரு தீர்ப்பாய உத்தரவை எடுங்கள். அதன் நகலில் ஓரிடத்தில் முடிவை மாற்றுங்கள்: ‘அனுமதிக்கப்படுகிறது’ என்பதை ‘தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்று ஆக்குங்கள். இன்னோர் இடத்தில் வாதத்தின் தலைப்பு வரியை முந்தைய துண்டுக்குத் தள்ளுங்கள். முதல் மாற்றம் இறுதிச் சுருக்கத்தில் தெரியவில்லை என்றால், மாதிரி உங்கள் ஆவணத்தைச் சார்ந்து எழுதவில்லை. இரண்டாவதற்குப் பிறகு அந்த வாதம் நீதிமன்றத்தின் வாயில் போய் உட்கார்ந்தால், பேசுபவரைக் குறிக்கும் உங்கள் முதல் ஓட்டம் வேலை செய்யவில்லை. இரண்டிலும் தேறிய பிறகு, இறுதிச் சுருக்கத்தில் பத்து வாக்கியங்களைப் பிடித்து, சீட்டில் உள்ள பத்தி எண் வழியே மூலத்துக்குப் போய்ப் பாருங்கள். ‘நீதிமன்றம் கூறியது’ என்று முடியும் வாக்கியங்களிலிருந்து தொடங்குங்கள்.