வளவு வாசலில் விழும் மழை எங்கே போகிறது? செட்டிநாட்டு வீட்டை அடைமழைக்குத் தயார் செய்யும் முறை

மற்ற ஊர்களில் மழையை வீட்டுக்கு வெளியே நிறுத்தப் பார்ப்பார்கள். செட்டிநாட்டு வீடோ சுற்றியுள்ள ஓட்டுச் சரிவுகளின் தண்ணீரை நடுவீட்டில் திறந்த முற்றமாக இருக்கும் வளவு வாசலுக்கே வரவழைத்து, ஒரு மூலைத் துவாரம் வழியாக வெளியே அனுப்புகிறது. அந்தத் துவாரம் அடைத்தால் வெள்ளம் தெருவிலிருந்து வர வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே பிறந்துவிடும். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இதுதான் பெரிய ஆபத்து. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக ஐப்பசி முதல் வாரத்தை ஒட்டித் தொடங்கும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

வளவு வாசலின் திறந்த பகுதி 5 மீட்டருக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 40 சதுர மீட்டர். நான்கு பக்கமும் 3 மீட்டர் அகலத்துக்கு ஓடு உள்பக்கமாகச் சரிகிறது. அதையும் சேர்த்தால் 11 மீட்டருக்கு 14 மீட்டர், ஆக 154 சதுர மீட்டரில் விழும் மழை முழுவதும் வாசலில்தான் இறங்கும். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 7,700 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு சுமார் 128 லிட்டர்.

முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமான பத்தியின் தரையைவிட வாசல் 15 சென்டிமீட்டர் தாழ்வு என்றால், அந்தப் பள்ளம் கொள்வது 6,000 லிட்டர். துவாரம் முழுக்க அடைபட்டிருந்தால் முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் பத்தியில் ஏறி ஆத்தங்குடிக் கல்லை நனைத்து, அறைகளுக்குள் நுழையும். வானிலைச் செய்தியில் சொல்லும் 24 மணி நேர அளவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நாள் முழுக்கத் தூறலாக வரும் 100 மில்லிமீட்டரை வீடு தாங்கிவிடும். அதில் பாதி ஒரே மணி நேரத்தில் வந்தால்தான் சோதனை. உங்கள் வீட்டு வாசலையும் டேப் பிடித்து அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வடிகால்: தெரு முனையிலிருந்து தொடங்குங்கள்

வாசல் மூலையிலிருந்து கட்டுகளின் தரைக்கு அடியில் ஓடும் கால்வாய் பின்தெருவிலோ பக்கச் சந்திலோ வெளியே வரும். முதலில் அந்த வெளிமுனையைக் கண்டுபிடியுங்கள். பல வீடுகளில் அது செடிக்கும் மண்ணுக்கும் அடியில் புதைந்து கிடக்கும்.

சுத்தம் செய்வதும் அங்கிருந்துதான். வாசல் பக்கத்திலிருந்து குத்தினால் உடைந்த ஓட்டுத் துண்டு, உதிர்ந்த சுண்ணாம்புக் காரை, புறாக்கூட்டுக் குச்சி எல்லாம் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். வெளிமுனையில் நின்று நீளமான மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்க வேண்டும். எட்டும் வரை எடுத்த பிறகு, இன்னொருவர் வாசல் பக்கமிருந்து ஹோஸ் வைத்துத் தண்ணீர் விடலாம். கையை உள்ளே விடாதீர்கள். பாம்பும் பூரானும் அங்கே தங்கும்.

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை இந்தக் கால்வாயில் ஊற்றவே கூடாது. பழைய கால்வாய்களின் இணைப்பு சுண்ணாம்புக் காரை. ஆசிட் அதைக் கரைக்கும். அப்புறம் தண்ணீர் தரைக்கு அடியில் கசிந்து, கல் இறங்கத் தொடங்கும். நாலாம் வருஷம் தரை ஏன் உள்வாங்கியது என்று கொத்தனாரைக் கேட்டுப் பயனில்லை.

இப்போது சோதனை. துவாரத்தை ஈரச் சாக்கால் அடையுங்கள். அதைச் சுற்றி 200 லிட்டர் தண்ணீர், அதாவது 15 லிட்டர் வாளியில் சுமார் 13 வாளி, ஊற்றுங்கள். சாக்கை எடுத்துவிட்டு நேரம் பாருங்கள். நாம் போட்ட கணக்குப்படி ஒன்றரை நிமிடத்துக்குள் அது போய்விட வேண்டும். மூன்று நிமிடம் ஆனால் கால்வாய் பாதி வேலைதான் செய்கிறது என்று பொருள். தொடக்கத்தில் வேகமாக இறங்கி, பிறகு தேங்கி நின்று மெல்ல வடிந்தால் அடைப்பு தூரத்தில், வெளிமுனைப் பக்கம் இருக்கிறது. முதலிலிருந்தே மெதுவாக இறங்கினால் துவாரத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

துவாரத்தின் மேல் தட்டையான சல்லடை போடுகிறவர்கள் அதிகம். ஒரே ஒரு வாதாம் இலை போதும், அதை மூடிவிட. கூடை கவிழ்த்தது போல மேடாக உள்ள, ஒரு சென்டிமீட்டர் கண் கொண்ட கம்பி வலையைப் போடுங்கள். பக்கங்களில் இலை ஒட்டினாலும் தண்ணீருக்கு வேறு வழி இருக்கும். வெளிமுனையிலும் பெருச்சாளி நுழையாமல் இருக்க வலை தேவைதான், ஆனால் அதைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடாமல் கீல் வைத்துத் திறக்கும்படி செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் திரும்பி வருகிறதென்றால், தெரு உயர்ந்திருக்கிறது. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் மேலே மேலே போட்ட தெருக்களில் இது சாதாரணம். கொத்தனார் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி, வாசல் துவாரத்தின் மட்டத்தையும் தெருச் சாக்கடையில் மழைநாளில் தண்ணீர் நின்ற கறையின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். கறை உயரமாக இருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. வெளிமுனையில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வும், வாசல் மூலையில் ஒரு குழியும், அதில் நிமிடத்துக்கு 130 லிட்டராவது இறைக்கும் பம்பும் வேண்டும். கனமழையில் கரண்ட் போகும் என்பதால் மின் பம்பை மட்டும் நம்ப முடியாது. பெட்ரோல் பம்ப் யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையில் பார்க்க வேண்டிய இடம் கூடல்வாய். இரண்டு ஓட்டுச் சரிவுகள் சந்திக்கும் அந்த மூலையில் சருகு சேர்ந்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி, தேக்கு உத்தரத்தில் இறங்கும். ஓட்டின் மேல் நீங்கள் ஏறாதீர்கள். ஓடு மாற்றுபவரை அழைத்து, அதே நாளில் உடைந்த ஓடுகளையும் மாற்றச் சொல்லுங்கள்.

மின்சாரம்

பழைய வீட்டில் மரப்பட்டைக்குள் ஓடும் வயரும் பீங்கான் பியூஸும் இன்னும் இருந்தால், மழைக்கு முன் எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மெயினுக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? பியூஸும் எம்சிபியும் வயர் எரியாமல் காப்பவை. ஈரச் சுவரைத் தொட்டவருக்கு ஷாக் அடித்தால் அவை பெரும்பாலும் அசையாது, ஏனெனில் ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் அவற்றுக்கு மிகச் சிறியது. ஆர்சிசிபி அந்தச் சிறு கசிவைக் கண்டு துண்டிக்கும். மும்முனை இணைப்பு உள்ள வீட்டுக்கு நாலு போல் ஆர்சிசிபி தேவை. எர்த் இல்லாமலும் அது வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்ட பிறகுதான் துண்டிக்கும். ஆகவே எர்த்தும் அவசியம்.

ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் அது அடிக்கடி விழும். உடனே "இது தொல்லை" என்று யாராவது நேராக வயர் கொடுத்துவிடுவார்கள், அங்கேதான் உயிர் போகிறது. விழுகிற காரணத்தைத் தேடுங்கள். எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில் கசிவு. பெரும்பாலும் அது கிணற்று மோட்டார், பின்கட்டுப் பிளக், திறந்த வெளி விளக்கு மூன்றில் ஒன்றாக இருக்கும். எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் நியூட்ரலில் கோளாறு இருக்கலாம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

பலர் மறக்கும் ஒன்று இன்வெர்ட்டர். மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்பி பத்தியில் தண்ணீருக்குள் நடப்பார்கள். அந்த நொடியில் இன்வெர்ட்டர் தானாக ஏறி, அதே பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே மெயினை முதலில் இறக்கி, அடுத்து இன்வெர்ட்டர் முன்பக்க ஸ்விட்சை அணைத்து, ஒரு விளக்காவது எரிகிறதா என்று போட்டுப் பாருங்கள். பேட்டரியைத் தரையில் வைக்காமல் இரண்டடி உயரக் கல்மேல் ஏற்றி வையுங்கள்.

எப்போது அணைப்பது? தண்ணீர் பத்தியில் ஏறும் முன். ஏற்கெனவே போர்டு இருக்கும் இடம் வரை தண்ணீர் நின்றால் அதை நெருங்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. கம்பத்தில் துண்டிக்கச் சொல்லி அதில் தெரிவியுங்கள்.

அவசரப் பை

பெரிய வீட்டில் அப்பத்தாவும் ஐயாவும் மட்டும் இருக்கிறார்கள், மூன்று நாள் கரண்ட் இல்லை என்று வைத்துக் கணக்கிடுவோம். மோட்டார் ஓடாது, கிணற்றில் கலங்கல் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்றால் 24 லிட்டர்: ஒரு 20 லிட்டர் கேனும் நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களும். தீர்ந்தால் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டுக் குடிக்கலாம்.

பிரஷர், சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்கு, மருந்துச் சீட்டின் நகலோடு. இன்சுலின் இருந்தால் பிரிட்ஜ் நின்றதும் ஈர மண்பானைக்குள் ஜிப் கவரில் வைக்கலாம். அவல், பொரிகடலை, வெல்லம், சத்துமாவு என்று அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியவை. இரண்டு டார்ச். பேட்டரியை உள்ளே போட்டுவைக்காமல் தனியாக வையுங்கள், மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் கசிந்து டார்ச்சைக் கெடுக்கும். தேக்கும் பழைய துணியும் நிறைந்த வீட்டில் மெழுகுவத்தியைத் தவிர்ப்பது நல்லது. முழு சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், வீட்டுப் பத்திரம், பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல் ஒரு ஜிப் கவரில். அசலை மேல்மாடி அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டிய கடைசிப் பொருள் பின்கட்டுக் கதவின் சாவி. முகப்புக் கதவை மட்டும் தினமும் திறந்து மூடும் வீட்டில் பின்கதவு ஈரத்தில் உப்பி நகராது. மழை தொடங்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்து, உரசும் ஓரத்தைத் தச்சரிடம் சீவச் சொல்லுங்கள், தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கட்டும். மெயின் ஸ்விட்ச் எங்கே, இன்வெர்ட்டர் எங்கே, வடிகால் வெளிமுனை எங்கே என்று ஒரு தாளில் எழுதி அவர் பார்வையில் ஒட்டுங்கள். அதே தாளில் ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.