பிடிஎஃப் அறிக்கையைச் சிலைடுகளாக்கும்போது நேரும் தவறுகள்

தருமபுரி மாவட்டத்தின் 10 ஒன்றியங்களுக்கான மழையளவு அறிக்கை ஒன்றைப் பென்னாகரத்தில் விவசாயிகள் முன் காட்டுவதற்காகச் சிலைடுகளாக்கியபோது நான் செய்த முதல் தவறு, பிடிஎஃப்-இலிருந்து தமிழ் எழுத்தை நகலெடுத்து அப்படியே ஒட்டியதுதான். "மழை" என்பது "மைழ" என்றும் "தலைப்பு" என்பது "தைலப்பு" என்றும் வந்துவிட்டன. பிடிஎஃப் கோப்பு எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருப்பதால், முன்னால் நிற்கும் ஐகாரக் குறி நகலெடுக்கும்போது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சொல்லின் தொடக்கத்தில் இப்படி நேர்ந்தால் புள்ளிவட்டம் தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் நேர்ந்தால் எந்த அடையாளமும் இராது. பழைய பாமினி எழுத்துரு என்றால் "மழை" வெறும் `kio` என்றே வரும். எனவே, நகலெடுத்த ஒரு பத்தியை முதலில் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பிழை தெரிந்தால் அந்தப் பத்தியைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவானது.

இந்தத் தொல்லைக்கு அஞ்சி எல்லாவற்றையும் திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டுவது அடுத்த தவறு. ஏ4 பக்கத்தில் 6.5 அங்குல அகலமுள்ள அட்டவணையைச் சாதாரணத் திரையில் 100 விழுக்காடு அளவில் பிடித்தால் ஏறத்தாழ 620 பிக்சல்தான் கிடைக்கும். அதை 1920 பிக்சல் அகலத்துக்கு இழுக்கும்போது முதலில் மங்குவது மெய்யெழுத்தின் புள்ளி. பின்வரிசையில் இருப்பவருக்கு "ல்" எது, "ல" எது என்று தெரியாது.

அட்டவணை எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முழு அட்டவணையும் தேவையில்லை. அறிக்கையில் மாதவாரியாக இருந்த நிரல்களை விட்டுவிட்டு, ஒன்றியத்தின் பெயர், இயல்பு மழை, பெய்த மழை என்ற மூன்றை மட்டும் சிலைடிலேயே அட்டவணையாக அமைத்தேன். ஒரு எண்ணைப் பிறகு திருத்த நேர்ந்தாலும் அது எளிது.

மாவட்ட வரைபடம் படமாகவே இருக்கட்டும். அதைத் திரையில் பிடிக்காமல், பாப்ளர் கருவித்தொகுப்பு கணினியில் இருந்தால், வரைபடம் உள்ள 7-ஆம் பக்கத்தை மட்டும் 300 டிபிஐ அளவில் எடுக்கலாம்:

```
pdftoppm -r 300 -f 7 -l 7 -png arikkai.pdf padam
```

அதே 6.5 அங்குலம் இப்போது 1950 பிக்சலாகிறது. ஜேபெக் வடிவம் எழுத்தோரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் காட்டும் என்பதால் பிஎன்ஜி போதும்.

அப்போதும் வரைபடத்துக்குள் இருக்கும் சிறிய ஊர்ப்பெயர்கள் படிக்க முடியாதபடியே இருக்கும். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் எனப் பேச்சில் வரப்போகும் பெயர்களை மட்டும் படத்தின் மேல் தனி உரைப்பெட்டியில் எழுதி, அவற்றைப் படத்தோடு சேர்த்துத் தொகுதியாக்கிவிட்டால், படத்தை நகர்த்தினாலும் பெயர்கள் இடம் மாறா.