மாதம் 60 வெள்ளிதானே?

பினாங்கில் வேலைக்குச் சேர்ந்து ஓரிரண்டு வருடமான பிள்ளைகளிடம் 'பே லேட்டர்' பற்றிக் கேட்டால், பொருளின் விலையைச் சொல்ல மாட்டார்கள். மாதத் தவணையைத்தான் சொல்வார்கள். முதல் தவறே அதுதான்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பியை வைத்துக் கணக்குப் போடுவோம். ஜனவரியில் 360 வெள்ளிக்குக் காலணி வாங்குகிறார். ஆறு தவணை, வட்டி இல்லை, பிப்ரவரியிலிருந்து மாதம் 60 வெள்ளி. சுலபம்தான். அடுத்த மாதம் இயர்போன், அதற்கடுத்த மாதம் தங்கைக்குப் பரிசு என்று ஜூன் வரை மாதம் ஒன்று, எல்லாமே 360 வெள்ளி. பிப்ரவரியில் 60, மார்ச்சில் 120 என்று ஏறி, ஜூலையில் கட்ட வேண்டியது 360 வெள்ளி ஆகிவிடும். அதாவது ஒவ்வொரு மாதமும் ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் ஆகும் அதே செலவு. தவணையால் கிடைத்த சுகம் முதல் சில மாதங்களுக்கு மட்டும்தான். ஜூலையில் வாங்குவதை அடியோடு நிறுத்தினாலும், ஜூலைத் தவணையையும் சேர்த்து டிசம்பர் வரை இன்னும் 1,260 வெள்ளி பாக்கி.

சரி, சம்பளம் வருகிறதே என்பார்கள். இரண்டாவது தவறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தம்பியின் அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி, இ.பி.எஃப்., சொக்சோ போகக் கைக்கு 1,680 போல வரும். அறை வாடகை, மோட்டார் சைக்கிள் கடன், சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து 1,550. மிச்சம் 130. தவணையைக் கட்டிக்கொண்டிருந்தது ஓ.டி. பணம். ஆர்டர் குறைந்தால் தொழிற்சாலையில் முதலில் நிற்பது ஓ.டி.தான். தவணை நிற்காது. தவணையை அடிப்படைச் சம்பளத்தின் மிச்சத்துக்குள் வைக்காதவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அப்புறம் வரும் தவறுதான் உண்மையிலேயே கழுத்தை நெரிப்பது: சம்பளத்தை இந்தத் தவணைக்குக் கொடுத்துவிட்டு, மளிகையையும் பெட்ரோலையும் வேறொரு செயலியில் தள்ளிப்போடுவது. நீண்ட தவணைக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. மாதம் 1.25 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 1,200 வெள்ளிக்கு 12 மாதங்களுக்கு மாதாமாதம் 115 வெள்ளி கட்ட வேண்டும். பார்க்க ஆண்டுக்கு 15 விழுக்காடு. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, கட்டணம் மட்டும் முழு 1,200-க்கும் போடப்படுவதால், உண்மையான வட்டி 26 விழுக்காட்டைத் தாண்டும். அரிசி அடுத்த வாரமே தீர்ந்துவிடும், அதற்கான தவணை அடுத்த வருடம் வரை ஓடும்.

எல்லாச் செயலிகளையும் திறந்து, இந்த மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், மொத்த பாக்கியை ஒரு தாளில் கூட்டுங்கள். ஓ.டி. இல்லாத சம்பளத்தின் மிச்சத்தால் அதைக் கட்ட முடியாது என்று தெரிந்தால், புதிதாக எதுவும் வாங்காமல், பேங்க் நெகாரா தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏ.கே.பி.கே.யில் ஆலோசனை கேளுங்கள். கட்டணம் கிடையாது. தவணை தவறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.