டெபிட் கார்டு தொலைந்த பிறகு மூன்று முறை பணம் போனால்: வங்கிக்குக் கடிதம் எழுதும் முறை

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. காலையில் காசிமேட்டுக்குக் கிளம்பும் வழியில் டி.எச். ரோட்டு ஏ.டி.எம்.மில் 2,000 ரூபாய் எடுத்தேன். கார்டைப் பர்ஸில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டேன். சங்கரா மீன் கூடையைக் குனிந்து பார்த்தபோது விழுந்திருக்க வேண்டும். போன் சைலன்ட்டில் இருந்ததால் மெசேஜ் எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு மெசேஜ். 4,850 ரூபாய், 3,999 ரூபாய்.

பின் நம்பர் யாருக்கும் தெரியாதே, எப்படிப் போனது என்றுதான் முதலில் நினைத்தேன். தட்டிச் செலுத்தும் வசதி உள்ள கார்டில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. 2021 ஜனவரி 1 முதல் இதுதான் உச்ச வரம்பு. எடுத்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. 4,850 என்ற தொகையே அதைச் சொல்கிறது.

முதலில் போன், கடிதம் அப்புறம்

கார்டை முடக்கும் எண்ணை வங்கியின் ஆப்பிலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். கூகுளில் தேடி வரும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். அங்கே போலி எண்களும் இருக்கின்றன, பதற்றத்தில் இருப்பவரிடம் ஓ.டி.பி. கேட்பதுதான் அவர்கள் தொழில். ஆப்பிலேயே கார்டை முடக்க முடிந்தால் அதை முதலில் செய்துவிட்டு அப்புறம் பேசுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று கீழே சொல்கிறேன்.

பேசி முடிக்கும்போது புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு முடக்கப்பட்டதாக வரும் மெசேஜை அழிக்காதீர்கள். போனில் உள்ள கால் பட்டியலையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நேரம் பற்றிய வாதம் வந்தால் அதுதான் சாட்சி.

நான் சறுக்கிய இடம்: நேரம்

என் கால் தொடங்கியது காலை 9:31. இசை கேட்டுக்கொண்டே காத்திருந்து, ஆள் பேசியது 9:38 வாக்கில். கார்டு முடக்கப்பட்டதாக மெசேஜ் வந்தது 9:41. அப்பாடா என்று உட்கார்ந்தால், 9:52-க்கு மூன்றாவது மெசேஜ். ஒரு பெட்ரோல் பங்கில் 1,460 ரூபாய்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திங்கட்கிழமை காலை கிளை திறந்ததும் கடிதத்தோடு போய் நின்றேன். 'கார்டை முடக்கி 11 நிமிடம் கழித்தும் பணம் எடுக்க அனுமதித்திருக்கிறீர்கள்' என்று அதில் எழுதியிருந்தேன், அடிக்கோடு வேறு. கவுன்டரில் இருந்த மேடம் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நீங்க எழுதினது மெசேஜ் வந்த நேரம். கார்டு தட்டின நேரம் 9:36. மெசேஜுக்குள்ளேயே இருக்கு பாருங்க."

பார்த்தேன். இருந்தது. கடைப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
Rs.1460.00 spent on Debit Card XX4417
at FUEL STATION on 11-08-24 09:36:08
```

போனின் மெசேஜ் பட்டியலில் தெரிவது அந்த மெசேஜ் உங்கள் கைக்கு வந்த நேரம். நெட்வொர்க் சரியில்லாவிட்டாலோ அனுப்பும் இடத்தில் நெரிசல் இருந்தாலோ அது தாமதமாகும். எனக்கு 16 நிமிடம் தாமதம். பரிவர்த்தனை நடந்த நேரம் மெசேஜின் வாசகத்துக்குள் இருக்கும். கடிதத்தில் எழுத வேண்டியது இதைத்தான், நொடி இருந்தால் நொடியோடு. இந்த ஒரு தப்பால் என் கடிதம் முழுவதுமே ஆத்திரத்தில் எழுதியதுபோல ஆகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

கார்டு தட்டிய 9:36-க்கும் முடக்கிய 9:41-க்கும் இடையிலான இந்த ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நீங்கள் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. அதற்கு முன் நடந்ததில்தான் கேள்வி. தப்பு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலைநாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. தகவல் கிடைத்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் இழப்பு 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் உங்கள் கவனக்குறைவால், உதாரணமாகப் பின் நம்பரைச் சொல்லிக் கொடுத்ததால் நடந்தது என்றால், தகவல் சொல்லும்வரை போனது முழுக்க உங்கள் தலையில்தான்.

கார்டைத் தொலைத்ததே கவனக்குறைவு என்று சில வங்கிகள் வாதாடும். அதனால் பின் நம்பரை யாரிடமும் சொல்லவில்லை, கார்டில் எழுதி வைக்கவில்லை என்று கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது.

கடிதம்

என் ஓட்டு வெள்ளை ஏ4 தாளில் கையால் எழுதுவதற்கே. ஜெராக்ஸ் கடையில் அடிக்கச் சொன்னால் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரியில் தொகையை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள், நேரத்துக்கு அதில் இடமே இருக்காது. தமிழில் எழுதலாம், என் கிளையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எண்களை மட்டும் 1, 2, 3 என்று எழுதுங்கள். நான் இரண்டாம் முறை கொடுத்தது இது:

> அனுப்புநர்: (பெயர், முகவரி, வங்கியில் பதிவான கைபேசி எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி), தண்டையார்பேட்டை கிளை, சென்னை.
>
> நாள்: 13-08-2024
>
> பொருள்: 4417 என முடியும் டெபிட் கார்டு தொலைந்தது, அதன் பின் நடந்த மூன்று பரிவர்த்தனைகளை மறுப்பது தொடர்பாக.
>
> ஐயா/அம்மா,
>
> எனது சேமிப்புக் கணக்கின் (எண்) டெபிட் கார்டை 11-08-2024 அன்று காசிமேடு மீன் சந்தையில் தொலைத்துவிட்டேன். அன்று காலை 6:42-க்கு ஏ.டி.எம்.மில் 2,000 ரூபாய் எடுத்ததே நான் கடைசியாக அதைப் பயன்படுத்தியது. அதற்குப் பின் நடந்த கீழ்க்கண்ட மூன்றும் நான் செய்தவை அல்ல. நேரங்கள் தங்கள் குறுஞ்செய்தியின் வாசகத்தில் உள்ளபடி:
>
> காலை 08:17:40 – ரூ. 4,850 – கைபேசிக் கடை
> காலை 08:31:12 – ரூ. 3,999 – செருப்புக் கடை
> காலை 09:36:08 – ரூ. 1,460 – பெட்ரோல் பங்க்
> மொத்தம் ரூ. 10,309
>
> தங்கள் உதவி எண்ணை 9:31-க்கு அழைத்தேன். 9:41-க்குக் கார்டு முடக்கப்பட்டது. புகார் எண்: (எண்). மூன்றாவது பரிவர்த்தனை, என் அழைப்பு தங்கள் இணைப்பில் காத்திருந்தபோது நடந்தது.
>
> பின் நம்பரை நான் யாரிடமும் பகிரவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை. இம்மூன்றும் தட்டிச் செலுத்தும் முறையில் நடந்தனவா, பின் நம்பர் இடப்பட்டதா என்பதைத் தெரிவிக்கவும், கடைகளின் ரசீது நகலைப் பெற்றுத் தரவும் கேட்டுக்கொள்கிறேன். ரூ. 10,309-ஐ என் கணக்கில் வரவு வைக்க வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)

6:42-க்கு நானே எடுத்த 2,000-ஐயும் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். கடைசியாக நீங்கள் எப்போது பயன்படுத்தினீர்கள் என்று கோடு போட்டுவிட்டால், அதற்கு இந்தப் பக்கம் உங்களுடையது, அந்தப் பக்கம் இல்லை என்று படிப்பவருக்கு உடனே புரியும். கடைப் பெயரை மெசேஜில் உள்ளபடி அப்படியே எழுதுங்கள். பெயர்ப் பலகையில் ஒன்றும் மெசேஜில் வேறொன்றுமாக இருக்கும், நீங்களாகத் திருத்த வேண்டாம்.

கார்டின் முழு 16 எண்களையும் எழுதாதீர்கள். பின்னால் உள்ள மூன்று எண்ணோ பின் நம்பரோ எந்தக் கடிதத்திலும் வரக்கூடாது.

கொடுக்கும்போது

இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள். 'இங்கே வைச்சுட்டுப் போங்க சார்' என்பதை நம்பி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், அது வேறு கதை. என் கிளையில் வங்கியின் சொந்தப் படிவம் ஒன்றையும் நிரப்பச் சொன்னார்கள். மூன்று பரிவர்த்தனைக்கும் தனித்தனி வரி, மொத்தத்தை மட்டும் போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காவல் நிலைய சி.எஸ்.ஆர். ரசீதும் கேட்டார்கள். கடித நகலைக் காட்டியே அதை வாங்கினேன், காசு எதுவும் கேட்கவில்லை.

புகார் கொடுத்த 10 வேலைநாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அந்தச் சுற்றறிக்கையின் விதி. எனக்கு ஆகஸ்ட் 22 அன்று 10,309 ரூபாயும் கணக்கில் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். விசாரணை முடியும்வரை எடுக்க முடியாதபடி பிடித்து வைத்திருந்தார்கள். நான் அது தெரியாமல் ஈ.பி. பில் கட்டப் போய் அசடு வழிந்தேன். அக்டோபரில் மூன்றுமே விடுவிக்கப்பட்டன. மூன்றும் பின் நம்பர் இல்லாமல் தட்டியவை என்று பதில் கடிதத்தில் ஒரு வரி இருந்தது.

பின்சேர்க்கை

தன் வங்கி மெசேஜில் தேதி மட்டும்தான் வருகிறது, நேரமே இல்லை என்று திருவொற்றியூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பாஸ்புக்கிலும் நேரம் இருக்காது. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் சிலவற்றில் நேரமும், ஆர்.ஆர்.என். என்ற 12 இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண் இருந்தால் நேரம் இல்லாமலேயே வங்கி தேடி எடுத்துவிடும். இரண்டும் இல்லையென்றால் நேரத்தை ஊகித்து எழுதாதீர்கள். 'நேரம் தெரியவில்லை, தங்கள் பதிவிலிருந்து தெரிவிக்கவும்' என்று எழுதுங்கள்.

30 நாளாகியும் பதிலே இல்லை என்று இன்னொருவர் கேட்டார். அப்போது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம். வங்கிக்கு எப்போது எழுதினீர்கள் என்பதற்கு ஆதாரம் அங்கே கேட்பார்கள். முத்திரை போட்ட அந்த இரண்டாம் பிரதியைத்தான் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.