அரை மணி நேரம் பொறுக்காத பாசனக் கருவி

பினாங்கில் மாடித் தோட்டம் வைத்திருக்கும் இளைஞர்கள் மூவர் சென்ற மாதம் தாங்கள் செய்த பாசனக் கருவிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்றில் இரண்டில், என் மிளகாய்ச் செடிகளைக் கொன்ற அதே பிழை இருந்தது. கம்பி தளர்வது, பேட்டரி தீர்வது போன்றவற்றை அவரவரே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, எளிதில் கண்ணில் படாத பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

நீர் இறங்குமுன் அளப்பது

என் கருவியில் ஒரு ESP32 பலகை, மின்தேக்க வகை மண் ஈரச் சென்சர், சிறு பம்பு ஆகியவை மட்டுமே இருந்தன. இந்தச் சென்சரில் மண் நனைய நனைய எண் குறையும். எண் 2300-ஐத் தொட்டதும் பம்பு ஓடி அதை 1900-க்கு இறக்க வேண்டும். எத்தனை விநாடி ஓடுவது என்பதைக் கருவி தானே கற்கும்.

```
secs = (before - 1900) / m;
m = 0.7 * m + 0.3 * (before - after) / secs;
```

பம்பு ஒரு விநாடி ஓடினால் எண் எவ்வளவு இறங்கும் என்பதே `m`. அதை 10 என வைத்துத் தொடங்கினேன். 400 இறங்க 40 விநாடி, அது சரியான அளவே. ஆனால் `after` அளவைப் பம்பு நின்ற ஒரே நிமிடத்தில் எடுத்தேன். என் பாலிபேக்கில், தேங்காய் நார்த்தூள் வழியே சொட்டுநீர் சென்சரின் ஆழத்தை எட்ட அரை மணி நேரம் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எண் 80 மட்டுமே இறங்கியிருந்ததால், பம்பு வலுவற்றது என்று கருவி கற்றுக்கொண்டு, `m` மதிப்பை 7.6 ஆக்கி, மறுமுறை 53 விநாடி ஓட்டியது. அதன்பின் 68, பிறகு 84. ஆறாம் பாசனத்தில் 120 விநாடியை எட்டிவிட்டது.

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது, ஈர வரைபடம் அழகாகவே இருந்ததுதான். மிகுந்த நீர் பையின் அடித்துளை வழியே வடிந்துவிட, எண் வழக்கம்போல 1900 அருகிலேயே வந்து நின்றது. உரமும் அந்த நீரோடு போனது தெரியாமல், இலை மஞ்சளாகிறதே என்று நான் மேலும் உரம் இட்டேன். ஒரு செடியைப் பிடுங்கி வேரை விரலால் உருவியபோது தோல் கையோடு வந்தது. அறுபது செடிகளில் பாதிக்கு மேல் வேரழுகலில் போயின.

ஆகவே ஈரத்தோடு பம்பு ஓடிய விநாடிகளையும் பதிவு செய்யுங்கள். வெயில் கூடாமலே அவை ஏறிக்கொண்டு போனால் கற்றலில்தான் கோளாறு. ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஏறக்குறைய ஒன்றாகும் வரை `after` எடுக்காதீர்கள்.

மழையைப் பம்பின் கணக்கில் எழுதுவது

அந்தக் காத்திருப்பின்போது மாலை மழை பிடித்துக்கொண்டால், மழை நனைத்ததையும் பம்பே நனைத்ததாகக் கருவி கற்று, மறுநாள் செடியை வாட விடும். சொட்டுக்குழாய் இல்லாத ஒரு பையில் இரண்டாவது சென்சரை நட்டு, அதன் எண்ணும் இறங்கினால் அன்றைய பாடத்தைத் தள்ளிவிடுங்கள்.

உச்ச வரம்பின்மை

எதைக் கற்றாலும் 60 விநாடிக்கு மேல் ஓடக் கூடாது.

ADC2 கால்கள்

வைஃபை ஓடும்போது ESP32 பலகையின் இந்தக் கால்களில் சென்சரை அளக்க இயலாது. சென்சரை GPIO34-இல் இணையுங்கள்.

சென்சரின் வெட்டு விளிம்பு

அதன் வழியே நீர் புகாதிருக்க நகப்பூச்சு, இரண்டு முறை.